அடிக்கடி அளந்தால் அயனி ஏன் நகர மறுக்கிறது? குவாண்டம் ஜீனோ விளைவு: கேள்வி-பதில்

குவாண்டம் ஜீனோ விளைவு பற்றி வந்த கேள்விகளில் பல, சுற்றிச் சுற்றி ஒரே பரிசோதனையிடம்தான் வந்து நிற்கின்றன. அதனால் பதில்களையும் அந்தப் பரிசோதனையை வைத்தே சொல்கிறேன். 1990-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள NIST ஆய்வகத்தில் இட்டானோ, ஹெய்ன்சன், பொலிங்கர், வைன்லேண்ட் ஆகிய நால்வர் பெரிலியம் அயனிகளை வைத்துச் செய்தது அது.

கேள்வி: ஒரு நிலையை அடிக்கடி அளந்தால் அது மாறாமல் நின்றுவிடும் என்கிறார்கள். கணக்கில் இது எங்கிருந்து வருகிறது? முடிந்தவரை எளிமையாகச் சொல்லுங்கள்.

ஒரு அயனிக்கு இரண்டு ஆற்றல் நிலைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: நிலை 1, நிலை 2. ஆரம்பத்தில் அயனி 1-இல் இருக்கிறது. சரியான அதிர்வெண்ணில் ரேடியோ அலையைச் செலுத்தினால் அது மெல்ல மெல்ல 2-ஐ நோக்கித் திரும்பும். பெரிலியம் பரிசோதனையில் அந்த அதிர்வெண் சுமார் 320.7 மெகாஹெர்ட்ஸ். முழுதாக 1-இலிருந்து 2-க்குப் போக 256 மில்லிவினாடி ஆகும்படி அலையின் வலிமையை அமைத்திருந்தார்கள்.

இந்தத் திருப்பத்தை ஒரு கோணமாக எழுதலாம். 256 மில்லிவினாடியில் கோணம் 0-இலிருந்து 90 பாகைக்குப் போகிறது. இடையில் எந்த நேரத்தில் பார்த்தாலும், நிலை 1-க்கான வீச்சு அந்தக் கோணத்தின் cos. நிலை 2-க்கான வீச்சு அதன் sin. நிகழ்தகவு வேண்டுமென்றால் வீச்சை வர்க்கப்படுத்த வேண்டும்.

இப்போது மொத்த நேரத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு 64 மில்லிவினாடி முடிவிலும் அயனி எந்த நிலையில் இருக்கிறது என்று அளக்கிறோம். முதல் துண்டில் கோணம் 22.5 பாகை. அயனி இன்னும் 1-இல் இருக்க நிகழ்தகவு cos²(22.5°) = 0.854. அப்படி 1-இல் இருப்பதாகத் தெரிந்துவிட்டால் கோணம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. இதுவரை ஏறிய 22.5 பாகை அப்படியே போய்விட்டது. நான்கு முறையும் 1-இலேயே இருக்க வாய்ப்பு 0.854-இன் நான்காம் அடுக்கு, அதாவது 0.53. அளக்காமல் விட்டிருந்தால் அது பூஜ்யமாகியிருக்கும்.

n முறை அளந்தால் பொதுவான வாய்பாடு இது:

```
P = [cos²(π/2n)]ⁿ ≈ 1 − π²/(4n)
```

n = 64 என்றால் 0.962. அயனி ஏறக்குறைய கிளம்பிய இடத்திலேயே நிற்கிறது.

இந்தக் கணக்கின் உயிர் வர்க்கத்தில் இருக்கிறது. அளக்காதபோது ஒவ்வொரு துண்டிலும் வரும் சிறிய கோணங்கள் முதலில் ஒன்றோடொன்று கூடுகின்றன, கடைசியில்தான் வர்க்கம். 22.5 பாகை நான்கு சேர்ந்தால் 90 பாகை, sin²(90°) = 1. அளக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் முதலில் வர்க்கம், அப்புறம்தான் கூட்டல். சிறிய எண்ணை வர்க்கப்படுத்தினால் அது இன்னும் சிறிதாகும். ஒரு துண்டில் தப்பிப் போகும் வாய்ப்பு 1/n² அளவில் இருக்கிறது, துண்டுகள் n. பெருக்கினால் 1/n. n கூடக் கூட அது பூஜ்யத்தை நோக்கிப் போகிறது. 1977-இல் இயற்பியலாளர்கள் மிஸ்ராவும் சுதர்சனும் இந்த விளைவுக்குப் பண்டைய கிரேக்கத் தத்துவஞானி ஜீனோவின் பெயரை வைத்தது, பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் அசையாமல்தான் இருக்கிறது என்ற அவருடைய பழைய புதிரை நினைத்து.

கேள்வி: நான்கு முறை அளந்தால் 0.53 என்று எனக்கும் வருகிறது. ஆனால் அந்தப் பரிசோதனைக்கான கணக்கில் 1-இலிருந்து 2-க்கு மாறும் நிகழ்தகவு 0.375 என்று இருக்கிறது. அப்படியானால் மிச்சம் 0.625 ஆக வேண்டுமே. எது தவறு?

இரண்டும் சரி. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான விடை, அவ்வளவுதான். பாடநூல் படித்துவிட்டு அசல் பரிசோதனையைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்குகிறார்கள்.

0.53 என்பது நான்கு அளவீட்டிலும் அயனி தொடர்ந்து 1-இலேயே இருந்த வாய்ப்பு. பரிசோதனையிலோ இடையில் வந்த விடைகளைத் தனித்தனியாகக் குறித்து வடிகட்டவில்லை. கடைசியில் எத்தனை பங்கு 1-இல் இருக்கிறது என்று மட்டும் பார்த்தார்கள். இரண்டாம் துண்டில் 2-க்குப் போன அயனி மூன்றாம் துண்டில் திரும்பி 1-க்கே வந்திருக்கலாம். அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

படிப்படியாகப் போட்டுப் பாருங்கள். ஒரு துண்டில் இருந்த இடத்திலேயே இருக்கும் வாய்ப்பு 0.854, மாறும் வாய்ப்பு 0.146. முதல் அளவீட்டுக்குப் பிறகு நிலை 1-இன் பங்கு 0.854. இரண்டாவதில் 0.854 × 0.854-உடன், போய்த் திரும்பிய 0.146 × 0.146-ஐக் கூட்டினால் 0.75. இதே மாதிரி மூன்றாவதில் 0.677, நான்காவதில் 0.625. சுருக்கமாக எழுதினால் [1 + cosⁿ(π/n)]/2. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மூன்று வரி பைத்தான் போதும்:

```python
from math import cos, pi
for n in (1, 2, 4, 8, 16, 32, 64):
    print(n, cos(pi/(2*n))**(2*n), (1 + cos(pi/n)**n)/2)
```

n சிறிதாக இருக்கும்போது இடைவெளி பெரிது. n = 64-இல் 0.962, 0.963 என்று கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். யாருமே வெளியே போகவில்லை என்றால் திரும்பி வர ஆளும் இல்லை.

கேள்வி: அளப்பது என்றால் யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

வேண்டாம். அங்கே அளவீடு என்பது 313 நானோமீட்டர் புற ஊதா லேசரின் 2.4 மில்லிவினாடித் துடிப்பு. அயனி 1-இல் இருந்தால் அந்த ஒளியை உள்வாங்கி மேலே ஒரு மூன்றாம் நிலைக்குப் போய், உடனே 1-க்கே திரும்பி ஒளியை வெளிவிடும். 2-இல் இருந்தால் அந்த ஒளி அதைத் தொடாது, இருட்டாகவே இருக்கும். அயனி எங்கே இருக்கிறது என்ற தகவல் சிதறிய ஃபோட்டான்களோடு வெளியே போய்விட்டது. அவற்றை யாரும் பிடித்து எண்ணாவிட்டாலும் விளைவு மாறாது.

கேள்வி: அப்படியானால் இது வெறும் இடையூறுதானே? லேசர் அயனியைத் தட்டிக்கொண்டே இருக்கிறது, அதனால் அது நகரவில்லை. இதில் குவாண்டம் அதிசயம் என்ன?

நல்ல கேள்வி. பரிசோதனை வெளியானதும் இயற்பியலாளர் பாலன்டைன் இதற்கு நெருங்கிய ஓர் ஆட்சேபத்தை எழுப்பினார்: அளந்த உடனே அயனியின் அலைச்சார்பு ஒரே நிலைக்குச் சரிகிறது என்று சொல்லவே தேவையில்லை, லேசரையும் சேர்த்துச் சமன்பாட்டை எழுதினாலே இதே எண்கள் கிடைக்கும் என்று. அதை நான் ஏற்கிறேன். ஒவ்வொரு துடிப்பும் 1, 2 ஆகிய இரண்டு வீச்சுகளுக்கு நடுவே இருந்த ஒத்திசைவை அழிக்கிறது. அதனால் அடுத்த துண்டின் கோணம் பழையதோடு கூட முடிவதில்லை. சரிவு என்ற பேச்சே இல்லாமல் இப்படிச் சொல்லிவிடலாம்.

ஆனால் "தட்டுவதால் நகரவில்லை" என்பதை ஏற்க முடியாது. அவர்கள் அயனிகளை நிலை 2-இல் தொடங்கியும் செய்து பார்த்தார்கள். அங்கே இருக்கும் அயனி லேசர் ஒளியைச் சிதறடிப்பதே இல்லை. இருந்தும் அது 1-க்குப் போவது அதே கணக்குப்படி தடுக்கப்பட்டது. ஒளி வராமல் போவதும் ஒரு விடைதான், அதுவும் அளவீடுதான். இந்த விளைவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

உண்மையான இடையூறுகளும் உண்டு, அவற்றைப் பிரித்தறிய வேண்டும். லேசர் ஒளி ஆற்றல் மட்டத்தைச் சற்று நகர்த்தினால் ரேடியோ அலை ஒத்ததிர்விலிருந்து விலகிவிடும். அப்போதும் அயனி நகராது, ஆனால் அது ஜீனோ விளைவு ஆகாது. கண்டுபிடிக்கும் வழி, ஒரே ஒரு n-ஐ நம்பாமல் முழு வளைகோட்டையும் பார்ப்பது. n = 1-இல் மாற்றம் முழுதாக நடக்க வேண்டும். பிறகு 0.5, 0.375, 0.235, 0.133, 0.072, 0.037 என்று இறங்க வேண்டும். போல்டர் அளவீடுகள் இந்த வரிசையோடு ஒத்துப்போயின.

கேள்வி: n-ஐ ஆயிரம், லட்சம் என்று ஏற்றிக்கொண்டே போகலாமா?

காகிதத்தில் போகலாம். கருவியில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் நேரம் பிடிக்கும். 256-ஐ 64-ஆல் வகுத்தால் 4 மில்லிவினாடி, அதில் 2.4 லேசருக்கே போய்விடுகிறது. 128 என்றால் இடைவெளி 2 மில்லிவினாடிதான், துடிப்பு அதற்குள் அடங்காது. லேசரை வலுவாக்கித் துடிப்பைச் சுருக்கலாம். ஆனால் 1-ஐயும் 2-ஐயும் பிரித்துக் காட்டும் அளவுக்காவது ஃபோட்டான் சிதற வேண்டும். அதற்கும் குறைந்தால் அளவீடு அரைகுறையாகி, கோணம் முழுதாகப் பூஜ்யத்துக்குத் திரும்பாது.

கேள்வி: கதிரியக்கப் பொருளைக் கருவி வைத்து விடாமல் கண்காணித்தால் அதன் சிதைவு நின்றுவிடுமா?

நிற்காது. சிதைவு அடுக்குக்குறி விதிப்படி நடக்கிறது: சிதைவு வீதம் γ என்றால், t நேரம் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு e^(−γt). இதை n துண்டாக்கி ஒவ்வொன்றிலும் அளந்தால் [e^(−γt/n)]ⁿ, அதாவது மறுபடி அதே e^(−γt). ஒரு துண்டின் இழப்பு இங்கே 1/n² இல்லை, 1/n. n துண்டுகளால் பெருக்கினால் ஒன்றும் மிச்சமாகாது.

கண்டிப்பாகப் பார்த்தால் எந்தச் சிதைவும் ஆரம்பித்த முதல் நொடித்துளியில் அடுக்குக்குறியாக இருக்காது. நேரத்தின் வர்க்கமாகத்தான் தொடங்கும். ஆனால் அணுக்கருவில் அந்தக் காலம் கற்பனைக்கு எட்டாத அளவு சிறியது. வெளியே நிற்கும் கருவி அதற்குள் அளவீடு செய்ய வழியே இல்லை.

அந்த ஆரம்பக் காலம் மைக்ரோவினாடி அளவுக்கு நீளும் ஒரு அமைப்பை டெக்சஸில் இயற்பியலாளர் ரைசனின் குழு எடுத்துக்கொண்டது. லேசர் ஒளியால் ஆன அலைப் பள்ளங்களில் குளிர்ந்த சோடியம் அணுக்களைப் பிடித்து, பள்ளங்களை முடுக்கி, அணுக்கள் ஊடுருவி வெளியேறுவதை அளந்தார்கள். அடுக்குக்குறியிலிருந்து விலகுவதை 1997-இல் காட்டினார்கள். 2001-இல் இடையிடையே அளந்து, வெளியேறும் வேகத்தைக் குறைத்தும் காட்டினார்கள். அளவீடுகளுக்கு இடைப்பட்ட நேரத்தை மட்டும் சற்று நீட்டியபோது அதே அணுக்கள், அளக்காமல் விட்டதைவிட வேகமாக வெளியேறின. ஆரம்பத்தில் மெதுவாக இருக்கும் சிதைவு, அடுக்குக்குறி வேகத்தில் நிலைபெறும் முன் கொஞ்ச நேரம் அதைவிடச் செங்குத்தாக இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் அந்தச் சரிவு முடிந்ததும் அளந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினால், அந்த வேகமான பகுதியே திரும்பத் திரும்ப நடக்கும்.