பாய்லரைப் பற்றிப் பேசுங்கள்

எனக்கு வயது 53. பாபநாசம் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் 27 வருடம் பாய்லர் பார்த்தேன். ஃபர்ஸ்ட் கிளாஸ் சர்டிஃபிகேட் இருக்கிறது. ஆலையை மூடிவிட்டார்கள். இரண்டு அரிசி ஆலைகளில் இண்டர்வியூவுக்குப் போனேன். என் மகன் வயது மேனேஜர், ‘ஏன் வேலையை விட்டீங்க?’ என்றதும் சம்பள பாக்கி, போராட்டம் என்று கொட்டிவிடுகிறேன். கூப்பிடவே இல்லை.
– பெயர் வேண்டாம், பாபநாசம்

அண்ணே, உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அதைக் கேட்கும் மேனேஜர், நாளைக்கு இங்கேயும் இவர் பிரச்சினை பண்ணுவாரோ என்றுதான் யோசிப்பார். ‘ஆலை மூடிவிட்டது சார், கடைசி ஷிஃப்ட் வரை பாய்லரில் இருந்தேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எவ்வளவு இளையவராக இருந்தாலும் அந்த அறையில் ‘தம்பி’ வேண்டாம், ‘சார்’ போதும்.

அப்புறம், 27 வருடம் என்ற கணக்கை மட்டும் சொன்னால் அவருக்கு உங்கள் வயதுதான் கண்ணில் படும். வேலையைச் சொல்லுங்கள். நீங்கள் எரித்தது கரும்புச் சக்கை, அங்கே எரிவது உமி. சக்கையில் பாதி ஈரம். உமி காய்ந்தது, ஆனால் சாம்பல் ஏராளம். அந்தச் சாம்பலில் இருக்கும் சிலிக்கா டியூபை அரிக்கும், அடைக்கும். பிரஷர் உங்கள் ஆலையைவிடக் குறைவுதான். ஆனால் நெல் அவிக்கும்போது நீராவியைத் திடீர் திடீரென்று இழுப்பார்கள். இழுத்ததும் கேஜ் கிளாஸில் தண்ணீர் ஏறியதுபோல் காட்டும், கொஞ்ச நேரத்தில் சட்டென்று இறங்கும். ஏறியதை நம்பி ஃபீட் பம்பை நிறுத்தினால் ஆபத்து. இதை நீங்களே எடுத்துச் சொன்னால், உமி பாய்லருக்கு இவர் புதுசு என்ற சந்தேகம் பெரும்பாலும் போய்விடும்.

அனுபவம் உள்ளவர்கூடத் தடுமாறும் கேள்வி ஒன்று உண்டு: ‘கிளாஸில் தண்ணீரே தெரியவில்லை, என்ன செய்வீர்கள்?’ பதற்றத்தில் ‘உடனே பம்பைப் போடுவேன்’ என்று வாய்தவறிவிடும். காய்ந்து சூடேறிய டியூபில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வரிசையாகச் சொல்லுங்கள். முதலில் காக்குகளைத் திறந்து மூடி, கிளாஸ் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். அப்போதும் தெரியாவிட்டால் உமி போடுவதை நிறுத்துவேன், ஃபேன்களை நிறுத்துவேன், தண்ணீர் ஏற்ற மாட்டேன், மேலாளருக்குச் சொல்வேன். வீட்டில் யாரையாவது கேட்கச் சொல்லி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் தெளிவாக இருப்பது அங்கே போய்ச் சிக்கிக்கொள்வதுண்டு.

‘இந்த வயதில் நைட் ஷிஃப்ட் முடியுமா?’ என்றால் கோபப்படாதீர்கள். சீசனில் மூன்று ஷிஃப்டும் பார்த்தவர் நீங்கள், அதைச் சொல்லுங்கள். சாம்பல் அள்ள உதவியாள் உண்டா என்று நீங்களும் கேளுங்கள். ஒற்றை ஆளாகத் தீயையும் சாம்பலையும் பார்க்கச் சொன்னால் கேஜ் கிளாஸைக் கவனிக்க முடியாது. அந்த இடம் எனக்குச் சரியாகப் படவில்லை.

சர்டிஃபிகேட்டின் நகலை மட்டும் கொடுங்கள். அசலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். அவர்களிடம் மாட்டிக்கொண்டால் அடுத்த வேலைக்குப் போவது சிரமம்.