நடந்த கணக்கும் மிக்சர் கணக்கும்

“எனக்கு 46 வயது, எடை 72 கிலோ. மூன்று மாதமாக வாரம் ஆறு நாள், 45 நிமிடம் நடக்கிறேன். வாட்ச் ஒவ்வொரு தடவையும் 310 கலோரி என்று காட்டுகிறது. சாப்பாட்டைக் கூட்டவே இல்லை. எடை அரை கிலோகூடக் குறையவில்லை. தைராய்டு டெஸ்ட் எடுக்கலாமா?”

தைராய்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த வாட்சைக் கழற்றி மேஜையில் வையுங்கள்.

உங்கள் எடைக்கு மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் 45 நிமிடம் நடந்தால் செலவாவது சுமார் 190 கலோரி. அந்த நேரம் நாற்காலியில் பேப்பர் படித்திருந்தாலும் உடம்பு 55 கலோரி எரித்திருக்கும். அதைக் கழித்தால் நடையின் வரவு 135 தான். 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு கைப்பட்டைகளைச் சோதித்தார்கள். கலோரிக் கணக்கில் அவற்றிலேயே துல்லியமானது 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம். ஆனாலும் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் காட்டித்தான் விற்கிறார்கள், கேட்க ஆளில்லை.

சாப்பாட்டைக் கூட்டவில்லை என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். என்னிடம் வந்த ஒரு வங்கி ஊழியரும் இதையேதான் சொன்னார். ஏறக்குறைய உங்கள் எடை, உங்கள் நடைதான். இரண்டு வாரம் வாயில் போவதையெல்லாம் மணியோடு எழுதச் சொன்னேன். முதல் வாரம் நடக்காமல், அடுத்த வாரம் நடந்து. காலை, மதியச் சாப்பாட்டில் மாற்றமே இல்லை. சாயங்காலத்தில்தான் வித்தியாசம். நடந்த வாரத்தில் மூன்று நாள் டீயோடு ஒரு கைப்பிடி மிக்சர். ஒரு நாள் ராத்திரி வழக்கமான இரண்டு தோசைக்கு மேல் மூன்றாவது. அவர் கைப்பிடியைத் தராசில் போட்டுப் பார்த்தோம்: 30 கிராம், ஏறக்குறைய 160 கலோரி. எண்ணெய் விட்ட தோசை 130. மொத்தம் 610. ஆறு நாள் நடந்து சேர்த்தது 810. மிச்சம் 200 கலோரி என்பது உடம்புக் கொழுப்பில் 25 கிராம் சொச்சம். மூன்று மாதத்துக்கு முந்நூறு சொச்சம் கிராம். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாலே எடை மெஷினில் மறைந்துவிடும்.

இது ஏன் கண்ணில் படுவதில்லை? வேர்க்க வேர்க்க வேகமாக நடந்து வந்த உடனே பசி மந்தமாகத்தான் இருக்கும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கொஞ்ச நேரம் இறங்கிவிடுகிறது. பசி திரும்பி வரும்போது மணி பல ஆகியிருக்கும், காலை நடையோடு அதை யாரும் சேர்த்து யோசிப்பதில்லை. கூடவே மனசும் ‘அதான் நடந்தாச்சே’ என்று அனுமதி கொடுத்துவிடும். ‘மெட்டபாலிசம் குறைந்துவிட்டது’ என்று பலர் சமாதானம் சொல்வார்கள். அமெரிக்காவில் லூசியானாவின் பென்னிங்டன் ஆய்வு மையம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 24 வாரம் கண்காணிப்பில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு ஓய்வு நேரக் கலோரிச் செலவு குறையவில்லை. குறைவாகப் பயிற்சி செய்தவர்கள் தினம் சுமார் 90 கலோரியும், அதிகம் செய்தவர்கள் சுமார் 125 கலோரியும் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

இந்தப் பசியை வைத்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். ஜிம்மில் ‘பயிற்சி முடிந்ததும் புரோட்டீன் குடிக்காவிட்டால் தசை கரைந்துவிடும்’ என்று பயமுறுத்தி டப்பாவை நீட்டுபவரிடம், ஒரு டப்பாவுக்கு அவருக்கு எவ்வளவு கமிஷன் என்று கேளுங்கள். ஒரு ஸ்கூப் 120 கலோரி, பாலில் கலந்தால் 250ஐத் தொடும். 45 நிமிட நடைக்கு அது வேண்டவே வேண்டாம். பூங்கா வாசலில் தேன் ஊற்றித் தரும் ஜூஸும் அப்படித்தான்.

ஒரே ஒரு விஷயத்தில் என் பேச்சைக் கேட்டு யாரும் வாயைக் கட்ட வேண்டாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்களைச் சொல்கிறேன். நடந்த பிறகு, சில சமயம் பல மணி நேரம் கழித்தும், இவர்களுக்குச் சர்க்கரை சரியலாம். கை நடுக்கம், குப்பென்று வேர்வை, தலை கிறுகிறுப்பு வந்தால் அது மிக்சர் பசி இல்லை. அளவு 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பார்க்க மெஷின் இல்லையென்றாலும் குடித்துவிடுங்கள். அடிக்கடி இப்படி ஆனால் மருந்தின் அளவை டாக்டர்தான் மாற்ற வேண்டும். ‘நடங்க’ என்று சீட்டில் எழுதும்போதே இதையும் சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் ஒதுக்கும் ஆஸ்பத்திரியில் யார் சொல்வார்கள்?

மற்றபடி நீங்களும் இரண்டு வார நோட்டு எழுதுங்கள். நடை முடிந்த கையோடு காலைச் சாப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் தனியாக ஒன்று நுழையாது. சாயங்காலத்துக்கு ஒரு கிண்ணம் சுண்டலை முன்கூட்டியே அளந்து வைத்துவிட்டால் கை டப்பாவுக்குள் போகாது. நோட்டிலும் விடை இல்லை, அசதியும் மலச்சிக்கலும் கூட இருக்கிறது என்றால் டாக்டரிடம் கேட்டு டி.எஸ்.எச். என்ற தைராய்டு டெஸ்ட் மட்டும் எடுங்கள். லேபில் 80 டெஸ்ட் பேக்கேஜ் என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.