அரசிதழ் எண்ணா, விதி எண்ணா?

“அடிக்குறிப்பில் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளுக்கு அரசிதழ் எண்ணைத் தருவதா, விதி எண்ணைத் தருவதா?”

இரண்டையும் தாருங்கள். விதி எண் வாசகத்தைக் காட்டும். அரசிதழ் எண், அதாவது அறிவிக்கை எண், அந்த விதிகள் வெளியான இதழைக் காட்டும். ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரை அடையாளம் காணும் விதிக்கு இப்படி எழுதலாம்:

தகவல் தொழில்நுட்ப (இடைநிலையர் வழிகாட்டுதல்கள், எண்ணிம ஊடக நெறிமுறைத் தொகுப்பு) விதிகள், 2021, விதி 4(2), ஜி.எஸ்.ஆர். 139(இ), இந்திய அரசிதழ், சிறப்பிதழ், பகுதி 2, பிரிவு 3(i), 25.2.2021.

கடைசியில் உள்ள (இ)யை விட்டுவிடாதீர்கள். அதுதான் சிறப்பிதழின் அடையாளம்; அது இல்லாவிட்டால் படிப்பவர் வாராந்திர இதழில் வீணாகத் தேடுவார்.

அறிவிக்கை எண் ஜி.எஸ்.ஆர். என்று தொடங்கினால் அரசிதழின் பிரிவு 3(i), எஸ்.ஓ. என்று தொடங்கினால் 3(ii). 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை எஸ்.ஓ. 1533(இ), 14.9.2006, அதன் பக்கத்தில் 3(i) என்று கண்டால் யாரோ பார்க்காமல் நகலெடுத்திருக்கிறார்கள்.