ஜூலை 2-இல் பிறந்தவருக்கு ஜூலை 1 அன்று என்ன வயது?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். எனக்கு ஊர் தக்கலை பக்கம். பிறந்த தேதி 2.7.1993. ஒரு அரசு வேலை அறிவிப்பில், 1.7.2025 அன்று 32 வயது பூர்த்தியாகியிருக்கக் கூடாது என்று போட்டிருந்தார்கள். பிரவுசிங் சென்டரில் கணக்குப் போட்டபோது 31 வருடம் 11 மாதம் 29 நாள் என்று வந்தது, விண்ணப்பமும் போட்டுவிட்டேன். சித்தப்பாவோ, "உனக்கு 32 முடிஞ்சு போச்சு, சர்டிபிகேட் பார்க்கும்போது தள்ளிவிடுவார்கள்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: தம்பி, பிரவுசிங் சென்டர் கணக்கில் தப்பு இல்லை. ஆனால் சட்டம் கேட்பது வேறு கணக்கு. முதலில் அவர்கள் போட்டதைப் பார்த்துவிடுவோம்.

கடைசியாக வந்த பிறந்த நாள் வரை வருடம். உங்களுக்கு 2.7.2024 அன்று 31. அங்கிருந்து அதே 2-ஆம் தேதி திரும்பத் திரும்ப வருவதை மாதமாக எண்ணினால், 2.6.2025 வரை 11 மாதம். மீதி 2.6.2025-இல் இருந்து 1.7.2025 வரை. ஜூனுக்கு 30 நாள், அதனால் 29 நாள். தாளில் கழிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். 1-இல் இருந்து 2 போகாது என்று ஒரு மாதத்தைக் கடன் வாங்கும்போது, முடியும் தேதிக்கு முந்தைய மாதத்தின் நாட்களைத்தான் எடுக்க வேண்டும். ஜூலையின் 31-ஐ எடுத்தால் 30 நாள் என்று தவறாக வரும்.

இனி சட்டத்துக்கு வருவோம். மேலே உள்ள கழித்தலில், நீங்கள் பிறந்த நாளும் ஜூலை 1-ம் சேர்ந்து எண்ணப்படவில்லை, இரண்டில் ஒன்று விடுபட்டுப் போகிறது. வயது கணக்கில் சட்டம் அப்படி விடாது. பிறந்த நாளையே ஒரு முழு நாளாக எடுக்கும், ராத்திரி 11 மணிக்குப் பிறந்திருந்தாலும் சரி. இந்திய மேஜர் வயதுச் சட்டத்திலேயே (1875) இந்த விதி இருக்கிறது. 2.7.1993 முதல் நாள் என்றால், முதல் வருடத்தின் கடைசி நாள் 1.7.1994. அதே வரிசையில் 32-ஆவது வருடத்தின் கடைசி நாள் 1.7.2025. அன்று நள்ளிரவு 12 மணிக்கு உங்களுக்கு 32 நிறைகிறது. மறுநாள் நீங்கள் கேக் வெட்டும்போது 33-ஆவது வருடம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

இது உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம். பிரபு தயாள் செஸ்மா வழக்கில் (1986) அவர் பிறந்தது 2.1.1956. ஜனவரி 1 அன்று 28 வயதை எட்டியிருக்கக் கூடாது என்பது ராஜஸ்தான் பணி விதி. உங்களுடைய அதே ஒரு நாள்தான் அங்கேயும். 1.1.1984 அன்றே 28 ஆகிவிட்டது என்று தீர்ப்பானது. மாதத்தின் 1-ஆம் தேதி பிறந்த அரசு ஊழியர் முந்தைய மாதக் கடைசி நாளில் ஓய்வு பெறுவதை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். அதற்கும் காரணம் இந்தக் கணக்குதான்.

ஆகவே உங்கள் அறிவிப்பில் நீங்கள் எழுதிய வாசகம் மட்டும் இருந்தால், சித்தப்பா சொல்வதுதான் சரி. கம்ப்யூட்டர் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டது என்பதால் உரிமை வந்துவிடாது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. அறிவிப்பை எடுத்து, வயதுப் பகுதியை அடிக்குறிப்பு வரைக்கும் வாசியுங்கள். சில அறிவிப்புகளில் வயதோடு நிறுத்தாமல் பிறந்த தேதியையும் அச்சிட்டிருப்பார்கள். மத்திய தேர்வாணையத்தின் சிவில் சர்வீசஸ் அறிவிப்பு அப்படித்தான். 2025-இல், ஆகஸ்ட் 1 அன்று 32 வயதை எட்டியிருக்கக் கூடாது, "அதாவது 2.8.1993-க்கு முன் பிறந்திருக்கக் கூடாது" என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே ஆகஸ்ட் 2-இல் பிறந்தவர் உள்ளே வந்துவிடுகிறார். உங்கள் அறிவிப்பிலும் 2.7.1993-ஐ ஏற்கும்படி தேதி அச்சாகியிருந்தால், அதை வைத்து வாதாட உங்களுக்கு நல்ல பிடி கிடைக்கிறது. அப்புறம், உங்கள் சமூகப் பிரிவுக்கோ வேறு காரணத்துக்கோ வயதுத் தளர்வு உண்டா என்றும் அதே பக்கத்தில் பாருங்கள். தளர்வு இருந்தால் இந்த ஒரு நாள் பிரச்சினையே இல்லை.

இரண்டும் இல்லை என்றால், மதுரைக் கிளையில் ரிட் போடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். மேலே சொன்ன தீர்ப்பு நேராக எதிரே நிற்கும். தேதி அச்சாகியிருந்தும் சரிபார்ப்பில் தள்ளினால், அந்த மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அறிவிப்பின் நகலோடும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடும் வாருங்கள். அப்போது ரிட் போடலாம்.