தள்ளிவிட்ட வண்டி ஏன் நிற்கிறது?

அன்புள்ள சார்,

பத்தாம் வகுப்புக்கு இயக்க விதிகள் நடத்துகிறேன். முதலில் கணிக்கச் சொல்லி, பிறகு செய்து காட்டி, அப்புறம் விளக்கம் கேட்கும் முறையில் ட்ராலியை வைத்துப் பாடம் எடுத்தேன். 'தள்ளிவிட்டால் என்ன ஆகும்?' என்றேன். 'கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும், விசை தீர்ந்துபோகும்' என்று எழுதினார்கள். தள்ளினேன், நின்றது. 'பாத்தீங்களா டீச்சர், நாங்க சொன்னது சரி' என்கிறார்கள். எங்கே தவறியது?

– ஓர் அறிவியல் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் கேட்ட கேள்வியில்தான் சிக்கல். தவறான கருத்தும் நியூட்டனின் கருத்தும் ஒரே விடையைச் சொல்கிற இடம் அது. விசை தீர்ந்தாலும் வண்டி நிற்கும், உராய்வு தடுத்தாலும் நிற்கும். இரண்டும் வேறு வேறு விடை சொல்லும் இடத்தில் கேள்வியை வைக்க வேண்டும்.

ஐந்தடிப் பலகை ஒன்றை மேசைமேல் போட்டு, ஒரு முனையில் கப்பியைப் பொருத்துங்கள். ட்ராலிக்குப் பேரிங் சக்கரம் போதும். அதன்மேல் கல்லோ மணல் பொட்டலமோ வைத்து மொத்தம் 950 கிராம் ஆக்குங்கள். ட்ராலியில் கட்டிய தையல் நூல் கப்பி வழியே போய் 50 கிராம் எடையைத் தாங்கட்டும். அந்த எடை தரையிலிருந்து 44 செ.மீ. உயரத்தில் தொங்க வேண்டும். நூல் முனையை வளையமாக முடிந்து ட்ராலியின் முன்னுள்ள ஆணியில் மாட்டினால், எடை தரையைத் தொட்டதும் கழன்றுவிடும். இறுக்கிக் கட்டினால் சக்கரத்தில் சிக்கிச் சோதனை கெடும்.

இப்போது கேள்வி: எடை 'டொக்' என்று தரையில் விழுந்த பிறகு வண்டி என்ன செய்யும்? உடனே நிற்குமா, மெல்ல மெல்ல வேகம் குறையுமா, அதே வேகத்தில் போகுமா? கை தூக்கச் சொல்லாதீர்கள்; முதல் பெஞ்சைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தூக்குவார்கள். தாளில் விடையும் ஒரு வரிக் காரணமும் எழுதட்டும். பெரும்பாலோர் வேகம் குறையும் என்றுதான் எழுதுவார்கள்.

அடுத்தது உற்றுநோக்கல். பலரும் அவசரமாகக் கடந்துபோகும் இடம் இது. வெறும் கண்ணால் பார்த்தால், வேகம் குறையும் என்று எழுதியவருக்குக் குறைந்ததாகவே தெரியும். இந்த முறையைப் பரப்பிய ஆஸ்திரேலியர்கள் ரிச்சர்ட் வைட்டும் ரிச்சர்ட் கன்ஸ்டோனும் பல்கலைக்கழக மாணவர்களிடமே இதைக் கண்டார்கள். அதனால் அளக்கும்படி செய்யுங்கள். பலகை நெடுக அளவு நாடாவை ஒட்டி, மூன்று மீட்டர் தள்ளிக் கைபேசியை அசையாமல் வைத்து, வினாடிக்கு 30 படம் என்ற வேகத்தில் வீடியோ எடுங்கள். பத்துப் படத்துக்கு ஒருமுறை நிறுத்தி வண்டி இருக்குமிடத்தைக் குறித்தால், இடைவெளிகள் ஏறக்குறைய 3, 8, 14, 19 செ.மீ. என வரும். எடை விழுந்தபின் 22, 22, 22. கூடிக்கொண்டே போன இடைவெளி அங்கே கூடாமலும் குறையாமலும் நிற்பதைப் பிள்ளைகளே எண்ணில் பார்ப்பார்கள். கிளம்பிய கணம் சரியாக ஒரு படத்தில் அமையாவிட்டால் முதல் எண்கள் கொஞ்சம் மாறும். பரவாயில்லை, பிந்தைய எண்கள் சமமாக இருந்தால் போதும்.

ஆனால் பலகை மட்டமாக இருந்தால் இது நடக்காது. பேரிங் சக்கரத்திலும் உராய்வு உண்டு. எடை விழுந்தபின் இடைவெளிகள் சுருங்கிக்கொண்டே போகும், பிள்ளைகள் மறுபடி ஜெயித்துவிடுவார்கள். வண்டி கிளம்பும் முனைக்கு அடியில் ஒவ்வொரு நோட்டாக வையுங்கள். நூலில்லாமல் லேசாகத் தட்டிவிட்டால் இடைவெளி சமமாக வரும் சாய்வு கிடைக்கும்வரை கூட்டிக் குறையுங்கள். கூடிக்கொண்டே போனால் ஒரு நோட்டை எடுத்துவிடலாம். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள்.

உடனே ஒருவன் 'சரிவுதானே டீச்சர் இழுக்குது?' என்பான். அவன் சொல்வது சரிதான், விளக்கத்தை அவனிலிருந்தே தொடங்கலாம். சரிவு இழுக்கிறது, உராய்வு தடுக்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிட்டால் மிச்ச விசை பூஜ்யம், அப்போது வேகம் மாறவில்லை. பிறகு எடை விழும் இடத்துக்கு அப்பால் பலகையில் ஒரு துண்டை விரித்து, அதே எடையை அதே உயரத்திலிருந்து விடுங்கள். துண்டை அடையும்வரை எண்கள் பழையபடியே இருக்கும், துண்டில் ஏறியதும் வண்டி சீக்கிரம் நின்றுவிடும். வண்டிக்குள் ஏறிய விசை இரண்டு முறையும் ஒன்றுதான் என்றால், இங்கே மட்டும் அது ஏன் முன்னாலேயே தீர்ந்தது? தங்கள் தாளில் எழுதிய காரணத்தை எடுத்து வைத்துக்கொண்டு இதற்குப் பதில் எழுதட்டும். அதுவரை 'நிலைமம்' என்ற சொல்லை நீங்கள் உச்சரிக்க வேண்டாம்.

ஒரு பீரியடுக்கு இவ்வளவுதான் கொள்ளும். விசையும் முடுக்கமும் மறுநாளைக்கு. அதற்கும் இதே ஏற்பாடுதான். இன்னொரு 50 கிராமைத் தொங்கவிட வேண்டும், ஆனால் அதை வெளியிலிருந்து சேர்க்காமல் ட்ராலியின் மேலிருந்தே எடுத்துத் தொங்கவிடுங்கள். நகரும் மொத்த நிறை ஒரு கிலோவாகவே இருக்கும், விசை மட்டும் இரட்டிப்பாகும். முதல் இரண்டு இடைவெளிகள் 3, 8-க்குப் பதில் ஏறக்குறைய 5, 16 என வரும்.