வசனத்துக்கு வாயசைவைப் பொருத்துதல்

"எழுத்துக்கு ஒரு வாய் வடிவம் வைத்தும் என் கார்ட்டூன் பாத்திரத்தின் வாய் படபடக்கிறது. ஏன்?"

எழுத்தை வரையாமல் உதடு உண்மையில் செய்வதை மட்டும் வரைய வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும்போது, ஒரே ஒரு ஃபிரேம் நின்று மறையும் வடிவத்தைக் கண் வடிவமாக வாங்கிக்கொள்ளாது. அது வெறும் துடிப்பாகவே தெரியும். ஆகவே எந்த வடிவமும் குறைந்தது இரண்டு ஃபிரேம் நிற்கட்டும்.

"பாம்பு" என்ற சொல்லை அரை நொடியில், அதாவது 12 ஃபிரேமில், ஒருவர் சொல்வதாகக் கொள்வோம். முதல் இரண்டு ஃபிரேம் உதடு மூடியிருக்கும். அடுத்த ஐந்தில் "ஆ"வுக்கு வாய் நன்றாகத் திறக்கும். "ம்", "பு" இரண்டுக்கும் உதடு ஒரே முறைதான் மூடுகிறது என்பதால் அங்கே மூன்று ஃபிரேம் மூடிய வாய் ஒன்றே போதும். இடையில் திறந்தால் படபடப்பு வந்துவிடும். மீதி இரண்டு ஃபிரேம் இறுதி உகரத்துக்கு உரியவை. அது குற்றியலுகரம் ஆதலால், "பூ" என்பதற்குப்போல உதட்டை முழுதாகக் குவிக்க வேண்டாம்.

வேகமான பேச்சில் இடம் போதாவிட்டால் க, த, ன போன்ற ஒலிகளின் வடிவங்களை விட்டுவிடலாம். அவற்றில் நாக்கே பெரிதும் உழைக்கிறது. ப, ம ஆகியவற்றின் மூடலை மட்டும் விடக்கூடாது, ஏனெனில் பார்ப்பவர் பிழையை முதலில் உணர்வது அங்கேதான்.

எல்லாம் பொருந்தியும் வாய் பிந்துவதாகத் தோன்றினால், வாய்ப் படங்கள் அனைத்தையும் ஒலிக்கு ஓரிரு ஃபிரேம் முன்னால் நகர்த்திப் பாருங்கள்.