குழி தோண்டும் நாளில் சைட் டைரி

கேள்வி: கோவையில் சிவில் இன்டர்னாகச் சேர்ந்துள்ளேன். சைட் டைரியில் என்ன எழுதுவது, எந்தப் பாதுகாப்பு விதியைக் கவனிப்பது?

அஸ்திவாரக் குழி தோண்டும் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவை, பல்லடம் பக்கத்துக் கரிசல் மண் காய்ந்தால் வெடித்து, மழையில் ஊறினால் சரியும் என்பதால், 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழியில் பக்கங்களைச் சரிவாக வெட்டாமலோ முட்டுக் கொடுக்காமலோ யாரும் இறங்கக் கூடாது. தோண்டிய மண்ணும் விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அவ்வளவு தள்ளியிருக்க வேண்டும். 4 மீட்டர் குழிக்கு அது 2 மீட்டர்.

டைரியில் ‘குழி சரியாக உள்ளது’ என்ற வரி எதற்கும் உதவாது. ‘காலை 8.30: இரவு மழை பெய்துள்ளது, கிழக்கு விளிம்புக்கு இணையாகப் புதிய விரிசல், சைட் இன்ஜினியரிடம் தெரிவித்தேன். 8.40: ஆட்கள் வெளியேற்றப்பட்டனர். 11.00: முட்டுக் கொடுத்ததை அவர் பார்த்து அனுமதித்தார்’ என்று, அந்தந்த வேளையிலேயே பேனாவால் எழுதுங்கள். பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்துக் கையொப்பமிடுங்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள்.